தலைப்புப் பொருத்தமா, சூழ்நிலைப் பொருத்தமா? ஒரு செம்பனை ஊரின் வாசிப்பறைக்கான ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் கோயில் மண்டபத்தை ஒட்டி எங்கள் வாசிப்பறை இருக்கிறது. இரண்டு கணினிகளும் ஓர் அச்சு இயந்திரமும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த விவசாயத் துண்டறிக்கைகளும் சுற்றறிக்கைகளும் அங்கே உள்ளன. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இரண்டு மூன்று ஏக்கர் செம்பனையைச் சொந்தமாக வைத்திருப்பவர்களே பெரும்பாலும் அங்கு வந்து தேடுகிறார்கள். அந்தத் தாள்களையெல்லாம் படியெடுத்துக் கணினியில் ஏற்றிய பிறகு, தேடுகிறவருக்கு எந்த வரிசையில் அவற்றைக் காட்டுவது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வழி, தேடிய சொல் எதைப் பற்றியதோ அதைப் பற்றிய தாள்களை முதலில் காட்டுவது. மற்றொரு வழி, தேடுகிறவர் எந்த நிலையில் நின்று கேட்கிறார் என்பதை அறிந்து, அந்த நிலையில் அவருக்கு உதவும் தாள்களை முதலில் காட்டுவது. முதலாவதைத் தலைப்புப் பொருத்தம் என்றும், இரண்டாவதைச் சூழ்நிலைப் பொருத்தம் என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன். இரண்டையும் சில மாதங்கள் வைத்துப் பார்த்தோம். எந்த இடத்தில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு சொன்னால் தெளிவாகும்.

அந்த நோய் கனோடெர்மா. மலாயில் இதை `reput pangkal batang` என்பார்கள்; மரத்தின் தூர் அழுகும் நோய். கடலோரக் களிமண் நிலத்தில், அதுவும் முன்பு தென்னை இருந்து பிறகு செம்பனைக்கு மாறிய நிலத்தில், இது கூடுதலாகத் தாக்கும். எங்கள் ஊர் இருக்கும் பாகான் டத்தோ வட்டாரம் தென்னைக்குப் பெயர்பெற்றது என்பதால், எங்கள் அறையில் அடிக்கடி தேடப்படும் சொல் இதுவாக இருப்பதில் வியப்பில்லை. முற்றிய மரத்தில் குருத்துகள் விரியாமல் மூன்று நான்கு ஒன்றாக ஈட்டிபோல் நிற்கும். பிறகு அடிமட்டைகள் ஒடிந்து பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கும். தூரில் காளான் வில்லைகள் வெளிவரும். இந்த அறிகுறிகள் கண்ணில் படும்போது தூரின் உள்ளே பாதியளவோ அதற்கு மேலோ ஏற்கெனவே அழுகிப்போயிருக்கும். அதன் பிறகு முற்றிய மரம் இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். இளமரம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தோட்டத்தில் முன்பு உரம் போடும் வேலையில் இருந்த ஓர் அக்கா வந்தார். மூன்று ஏக்கர், ஏறத்தாழ 170 மரங்கள், வயது 24 என்றார். கணினி முன் உட்கார்ந்து `rawatan ganoderma sawit` என்று தட்டச்சு செய்தார். செம்பனைக் கனோடெர்மாவுக்குச் சிகிச்சை என்பது அதன் பொருள். அப்போது நாங்கள் முதல் வழியைத்தான் பின்பற்றிக்கொண்டிருந்தோம். முதலில் வந்த தாள், டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை நாற்றங்காலில் கன்றுகளுக்கு இட்டுப் பார்த்த ஆய்வின் சுருக்கம். தேடிய மூன்று சொற்களும் அதில் நிறைந்திருந்தன, அதில் சொல்லப்பட்டவற்றில் பிழை எதுவும் இல்லை. அக்கா அதைப் பொறுமையாக இறுதிவரை படித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் சரிதான் தம்பி, அப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

ஒரு தாள் சரியாக இருந்தும் உதவாமல் போனதற்கு இந்தக் கேள்வியைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. தாள் தலைப்பைத் தொட்டது, அவருடைய முடிவைத் தொடவில்லை. உண்மையில் அவர் எடுக்கவேண்டிய முடிவு சிகிச்சை பற்றியதே அல்ல என்பது பேசப் பேசத்தான் வெளிவந்தது. மரங்கள் வயதாகிவிட்டதால் அடுத்த மாதம் வெட்டுவதற்கு ஒரு குத்தகைக்காரரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். மறுநடவு செய்தால் புதுக்கன்று காய்க்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதுவரை வருமானம் இருக்காது. ஆகவே பாதி மரங்களை விட்டுவைத்து, அவற்றின் இடையே கன்று நடலாம் என்பது அவர் திட்டம். நோய்க்கு மருந்து கிடைத்தால் விட்டுவைத்த மரங்கள் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும் என்று எண்ணித்தான் சிகிச்சையைத் தேடினார். இத்தனையும் மூன்று சொற்களுக்குள் அடங்கியிருந்தது. ஆனால் அந்தச் சொற்களில் இவற்றில் ஒன்றுகூட எழுதப்பட்டிருக்கவில்லை.

நூலகவியலில் இந்தச் சிக்கலை முறையாகச் சிந்தித்தவர்களில் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். வில்லியம் கூப்பர் 1971இல், ஒரு தகவல் பொருத்தமானது என்பதற்குத் தருக்க முறையில் ஒரு வரையறை கொடுத்தார்: கேள்விக்கு விடை பிறப்பதற்குத் தேவையான கூற்றுகளில் ஒன்றாக அது இருக்க வேண்டும். பாட்ரிக் வில்சன் 1973இல் அதை மேலும் கொண்டுபோய், சூழ்நிலைப் பொருத்தம் என்ற கருத்தை முன்வைத்தார். அவர் கருத்துப்படி ஒரு கூற்று ஒருவருக்குப் பொருத்தமாவது, அவர் ஏற்கெனவே அறிந்தவற்றோடு சேர்ந்து, அவருக்குக் கவலை தரும் ஒரு கேள்வியின் விடையை மாற்றும்போதுதான். பொருத்தம் தாளில் மட்டும் குடியிருப்பதில்லை. தாளும் ஆளின் அறிவும் சேரும் இடத்தில் அது உருவாகிறது.

அக்காவின் விஷயத்தில் இதை அப்படியே போட்டுப் பார்க்கலாம். எங்கள் சேகரிப்பில் மறுநடவு பற்றிய ஒரு தாள் இருந்தது. கனோடெர்மா என்ற சொல் அதன் தலைப்பில் இல்லை. நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தியில் வருகிறது. பூஞ்சை பழைய தூரிலும் வேரிலும் மண்ணுக்குள் தங்கியிருந்து, வேரோடு வேர் உரசும்போது புதுக்கன்றுக்குத் தொற்றும் என்பது அந்தப் பத்தியின் சாரம். இந்த ஒரு கூற்றோடு அக்கா அறிந்திருந்தவற்றைச் சேர்த்துப் பாருங்கள். குத்தகைக்காரர் மரத்தைச் சாய்த்துவிட்டுத் தூரை அப்படியே மண்ணில் விட்டுப் போவார் என்பது அவருக்குத் தெரியும். நோயுள்ள மரங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதும் தெரியும். கன்றுகளைப் பழைய வரிசைக்கு அருகிலேயே நடப்போகிறோம் என்பதும் தெரியும். நான்கும் சேர்ந்தவுடன் விடை வந்துவிடுகிறது: நோயுள்ள மரங்களின் தூரையும் வேர்த்திரளையும் மண்வாரி இயந்திரத்தால் தோண்டி எடுப்பதையும், மரங்களைச் சாய்ப்பதற்கு முன்பே, குத்தகைக்காரரின் வேலைக்குள் சேர்த்தாக வேண்டும்; பழைய மரங்களின் இடையே கன்று நடும் திட்டத்தையும் கைவிட வேண்டும், ஏனென்றால் நோயுள்ள நிலத்தில் அந்த முறைதான் கன்றுகளை நோய்க்கு மிக அதிகமாக ஆளாக்குகிறது.

அந்தப் பத்தியை நான் அவருக்கு வாசித்துக் காட்டியபோது, அவர் தம் கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் படம்பிடித்துக்கொண்டார். முதல் தாளை முழுக்கப் படித்தும் அவர் அதைச் செய்யவில்லை.

அதே பத்தி, அதே வாரம் வந்த ஓர் அண்ணனுக்கு எதையும் மாற்றவில்லை. அவர் மரங்களுக்கு வயது ஆறு; வெட்டும் எண்ணமே இல்லை. ஒரு மரத்தில் ஒரு பக்க அடிமட்டைகள் மட்டும் மஞ்சளாகின்றன, அது கனோடெர்மாவா என்பது அவர் கேள்வி. அவரும் ஏறத்தாழ அதே சொற்களைத்தான் தட்டச்சு செய்தார். அவருக்கு உதவிய தாள் சத்துக் குறைபாட்டுப் படங்கள் உள்ள துண்டறிக்கை. மக்னீசியம் குறைந்தால் வெயில் படும் அடிமட்டைகளின் இலைகள் செம்மஞ்சளாகும். ஓர் இலை மற்றோர் இலையின் நிழலில் மறைந்திருக்கும் பகுதி மட்டும் பச்சையாகவே இருக்கும். இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டியதில்லை, மேலிருக்கும் இலையை விரலால் விலக்கிப் பார்த்தால் போதும். அண்ணனின் மரத்தில் நிழல்பட்ட இடம் பச்சையாக இருந்தது. குருத்துகளும் இயல்பாக விரிந்திருந்தன. கனோடெர்மா பற்றித் தேடியவருக்குக் கனோடெர்மா பற்றிய சொல்லே இல்லாத ஒரு தாள்தான் பயன்பட்டது. தலைப்புப் பொருத்தத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்தத் தாள் பட்டியலின் எந்த மூலையிலும் வந்திருக்காது.

மூன்றாவதாக, பள்ளிப் படிப்புக்காகத் திட்டக் கட்டுரை எழுதிய ஒரு மாணவி வந்தார். டிரைக்கோடெர்மா ஆய்வுச் சுருக்கம் அவருக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. இதை வைத்து ஒன்று கற்றுக்கொண்டேன். தேடல் முறைகளை மதிப்பிட உலகம் இதுவரை பயன்படுத்திவரும் அளவுகோலையே அது விளக்குகிறது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள் 1960களில் இந்த மரபைத் தொடங்கின. 1,400 ஆவணங்கள், ஒரு தொகுதிக் கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் எந்த ஆவணம் பொருத்தம் என்ற தீர்ப்பு ஆகிய மூன்றும் இருந்தால் எந்தத் தேடல் முறையையும் திரும்பத் திரும்ப ஒப்பிடலாம் என்பது அதன் அடிப்படை. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய டிரெக் என்ற தேடல் ஒப்பீட்டு மாநாடு இதைப் பெரிய அளவில் செய்தது. அங்கே தீர்ப்புச் சொல்கிறவர்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தல், இந்தத் தலைப்பில் ஓர் அறிக்கை எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஆவணத்தில் உள்ள எதையாவது அதில் பயன்படுத்துவீர்கள் என்றால் அது பொருத்தமானது என்பதாகும். கூர்ந்து பார்த்தால் இதுவும் ஒரு சூழ்நிலைதான்: அறிக்கை எழுதுகிறவரின் சூழ்நிலை. தலைப்புப் பொருத்தம் சூழ்நிலையே இல்லாதது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது மாணவியின் இருக்கையில் எல்லோரையும் உட்கார வைக்கிறது. அக்கா அறிக்கை எழுத வரவில்லை.

ஆனாலும் அந்த அளவுகோலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு பெரும் பலம் உண்டு: தீர்ப்பை ஒருமுறை சொல்லிவைத்தால் அடுத்தவருக்கும் அது செல்லும். இந்தத் தாள் கனோடெர்மா பற்றியதா என்று எங்கள் அறையில் நால்வரைக் கேட்டால் நால்வரும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். ஓரளவு வேறுபட்டாலும், எந்தத் தேடல் முறை மேல், எது கீழ் என்ற வரிசை அதனால் பெரிதாகக் குலைவதில்லை என்பதை டிரெக் தீர்ப்புகளைப் பல நபர்களிடம் கொடுத்துச் சோதித்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். சூழ்நிலைத் தீர்ப்புக்கு இந்த ஆயுள் இல்லை. மறுநடவுத் தாளின் நான்காம் பக்கம் அக்காவுக்குப் பொன்னாக இருந்தது மரங்கள் வெட்டப்படுவதற்கு முந்தைய நாள் வரைக்கும்தான். இயந்திரம் வந்து போய்த் தூர்கள் மண்ணுக்குள் புதைந்த பிறகு அந்தப் பக்கம் அப்படியே சரியாக இருக்கும், ஆனால் அவருக்கு வருத்தத்தைத் தவிர வேறொன்றையும் தராது. ஒருவர் ஒரு நாளில் சொன்ன தீர்ப்பை வைத்து மற்றொருவரின் வேறொரு நாளுக்கு வரிசை அமைக்க முடியாது என்பதுதான் இரண்டாம் வழியின் அடிப்படைக் குறை.

மற்றொரு குறை அதைவிட எங்களைத் துன்புறுத்தியது. சூழ்நிலையை யாராவது ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் தாள் மறைந்துபோகும். தொடக்கத்தில் நாங்கள் ஒவ்வொரு தாளுக்கும் "இளமரம்", "முற்றிய மரம்" என்று குறிச்சொல் எழுதி, தேடுகிறவர் தேர்ந்ததற்குப் பொருந்தாதவற்றைக் காட்டாமல் விட்டோம். தூரைச் சுற்றி மண் அணைத்து நோயுற்ற மரத்தின் ஆயுளைச் சிறிது நீட்டுவது பற்றிய தாளை "முற்றிய மரம்" என்று குறித்திருந்தோம். பன்னிரண்டு வயது மரங்கள் வைத்திருந்த ஒருவர் தம்முடையவை இன்னும் இளமரங்கள்தான் என்று எண்ணி "இளமரம்" என்பதைத் தேர்ந்தார். அந்தத் தாள் அவர் கண்ணில் படவே இல்லை. தவறு அவருடையதன்று. எங்கள் வகைப்பாடு அவர் மனத்தில் இருந்த வகைப்பாடாக இருக்கவில்லை. தலைப்புப் பொருத்தத்தின் தவறு தேவையற்ற தாளை முன்னால் வைக்கும். தேடுகிறவர் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். சூழ்நிலையைத் தவறாகக் கணித்தால் தேவையான தாளையே ஒளித்துவிடும்; இல்லாததை ஒருவர் தள்ளவும் முடியாது, தேடவும் தோன்றாது. என் பார்வையில் இந்த இரண்டாவது தவறு கடுமையானது.

இதற்கும் மேலாக, தேடுகிறவருக்கே தம் சூழ்நிலை முழுதாகத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ராபர்ட் டெய்லர் என்ற நூலகவியலாளர் 1968இல் இதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: மனத்தின் அடியில் இருக்கும் சொல்லப்படாத தேவை, தனக்குத்தானே மங்கலாக உணர்ந்த தேவை, முறையாகச் சொல்லப்பட்ட தேவை, கடைசியாக நூலகம் புரிந்துகொள்ளும் என்று நினைத்துச் சுருக்கிய கேள்வி. அக்கா தட்டச்சு செய்த மூன்று சொற்கள் நான்காவது படி. வருமானமில்லாத இரண்டரை ஆண்டுகள் பற்றிய அச்சம் முதல் படி. குறிச்சொல் எதைக் கேட்டாலும் அது நான்காவது படியில்தான் நிற்கும். கீழே இறங்குவதற்கு ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய அறையில் அது முடிகிறது. பெரிய நூலகங்களுக்கு அது எளிதன்று.

எது வெற்றி பெற்றது என்பதை எப்படி அறிவது என்பதிலும் இரு வழிகளும் பிரிகின்றன. தலைப்பை அளக்க, முதல் பத்து முடிவுகளில் எத்தனை அந்தத் தலைப்பைப் பற்றியவை என்று எண்ணினால் போதும். தேடியவர் வீட்டுக்குப் போன பிறகும் எண்ணலாம். சூழ்நிலையை அளக்க அவரிடமே திரும்பப் போக வேண்டும். நாங்கள் அதற்கு எளிய அடையாளங்களை வைத்துக்கொண்டோம். ஒருவர் அடுத்த வாரமும் வந்து அதே சொல்லைத் தட்டச்சு செய்தால், போன வாரத்து விடை உதவவில்லை. படித்து முடித்தவர் எதையும் படம்பிடிக்காமல், எழுதிக்கொள்ளாமல் எழுந்து போனால் அதுவும் ஐயத்துக்குரியதே. இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் பார்க்கும்போது "அந்தத் தாளைப் பார்த்து என்ன செய்தீங்க?" என்று கேட்போம், ஒரு செயலின் பெயர் விடையாக வந்தால் மட்டுமே கணக்கில் சேர்ப்போம்.

ஆட்களைத் திரும்பப் பிடிக்க முடியாதபோது, டென்மார்க்கைச் சேர்ந்த பியா போர்லுண்ட் பரிந்துரைத்த முறை உதவியது. சோதிப்பவரிடம் வெறும் சொல்லைக் கொடுக்காமல், ஒரு சிறுகதைபோல் ஒரு வேலைச் சூழலைக் கொடுத்து, அந்த மனிதராகவே இருந்து தேடச் சொல்வது அது. நாங்கள் எழுதிய ஒன்று இது: "உங்களிடம் மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது, வயது 24. பதினைந்து மரங்களின் தூரில் காளான் தெரிகிறது. அடுத்த மாதம் மரம் வெட்ட ஆள் வருகிறார். அவரிடம் என்ன சொல்லி அனுப்புவீர்கள்?" இதை வைத்து இரு வரிசைகளையும் தேடிப் பார்த்தோம். சொல் வரிசையில் மறுநடவுத் தாள் பதினேழாவது இடத்தில் நின்றது. அத்தனை ஆழத்துக்கு யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் வைத்து நாங்கள் எடுத்த முடிவு இரண்டையும் வெவ்வேறு வேலைக்கு வைப்பது. தாள்களைத் திரட்டுவது தலைப்பின்படியே நடக்கும். அதோடு ஒவ்வொரு நோய்க்கும் அதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய குறைபாடுகளையும், அது பாதிக்கும் முடிவுகளையும் கையால் இணைத்துவிட்டோம். ஆகவே கனோடெர்மா என்று தேடினால் மக்னீசியத் துண்டறிக்கையும் மறுநடவுத் தாளும் கூட்டத்துக்குள் வந்துவிடும். வரிசைப்படுத்துவது சூழ்நிலையின்படி. மரத்தின் வயது, அடுத்து எடுக்கப்போகும் முடிவு, அதற்கு எத்தனை நாள் இருக்கிறது, எந்த மொழியில் படிக்க வசதி என்ற நான்கை மட்டும் கேட்கிறோம். விடை தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம். இந்த விடைகள் எந்தத் தாளையும் மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், ஆனால் ஒருபோதும் மறைக்கக் கூடாது. அந்தப் பன்னிரண்டு வயது மரக்காரரிடமிருந்து கற்றது அது. வயதையும் "இளமரம்" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, நட்ட ஆண்டைக் கேட்கிறோம்.

மாணவர்களுக்கு இந்த நான்கு கேள்விகளைக் கேட்பதில்லை, அவர்களுக்குச் சொல் வரிசையே போதும். தாள் எதுவும் போதாத இடங்களும் உண்டு. நோயுற்ற மரத்தை நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற நிலையில், சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே இருக்கும் மலேசிய செம்பனை வாரியத்தின் துனாஸ் அதிகாரிகளிடம் அனுப்புகிறோம்.

ஒவ்வொரு தாளின் பதிவிலும் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: எது நடப்பதற்கு முன்பு இது பயன்படும் என்பது. உரத் தாள்களுக்குப் பெரும்பாலும் அந்த வரி காலியாகவே இருக்கிறது. மறுநடவுத் தாளில் "மரம் வெட்ட ஆள் பேசும் முன்" என்று எழுதினோம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, ஆள் பேசிய பிறகும் முன்பணம் கொடுக்கும்வரை மாற்றிக்கொள்ள முடியும், தாம் அப்படித்தான் மாற்றினோம் என்றார். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, "குத்தகைக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன்" என்று திருத்தினோம்.